சிமெண்ட் பூசினால் ஓதம் நிற்காது, மேலே ஏறும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும், பழைய வண்ணாரப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டு முன்னறைச் சுவரிலிருந்து ஒரு சிமெண்ட் பத்தை தானாகக் கழன்று தரையில் விழுந்தது. ஒரு தாம்பாளத் தட்டு அளவு இருக்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெயிண்ட், பட்டி எல்லாம் அப்படியே வழவழவென்று இருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. செங்கல்லின் முகத்தையே ஒரு நூல் கனத்துக்கு உரித்துக்கொண்டு வந்திருந்தது அந்தப் பூச்சு, அந்தச் சிவப்பின் மேல் வெள்ளை முடி மாதிரி உப்பு ஊசி ஊசியாக வளர்ந்திருந்தது. சுவரில் அது விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது.

நூறு வருஷம் நின்ற செங்கல் அது. அதை நாலே வருஷத்தில் மாவாக்கியது வெள்ளம் மட்டுமல்ல. 2019இல் நாங்களே காசு கொடுத்துச் செய்த ரிப்பேர்தான் பாதிக்கு மேல் காரணம். வடசென்னையில் ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை என்று எந்தப் பழைய தெருவுக்குள் போனாலும் இதே தப்பு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீடு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரைக் கல் சுவர், அதாவது பதினாலு அங்குலக் கனம். நாட்டுச் செங்கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய தளம். இந்தியாவில் சிமெண்ட் செய்து பார்க்கும் முதல் முயற்சி நடந்ததே 1904இல் நம் மதராஸில்தான், கடல் கிளிஞ்சலை வைத்து, அது நிலைக்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்தப் பக்கத்து வீடுகள் எழுந்தது சுண்ணாம்பில்தான். இந்த வீட்டின் முன்சுவரில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஓதம் உண்டு. பொங்கலுக்கு முன்னால் உதிர்ந்த மாவைப் பெருக்கித் தள்ளிவிட்டு வெள்ளையடிப்பார்கள், அடுத்த வருஷம் மறுபடி உதிரும். அதற்கு மேல் அது போனதே இல்லை.

2019இல் அந்த உதிர்தல் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பழைய பூச்சை நாலடி வரை கொத்திவிட்டு, ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் கலந்து பூசி, மேலே பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாயிற்று. வந்து செய்த கொத்தனார், "இனிமே இந்தச் செவுத்துல சொட்டுத் தண்ணி வராது தம்பி" என்றார். அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்த நாலடியில் வரவில்லை. 2021 மழைக்காலத்தில் ஐந்தடி உயரத்தில், சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே, டீக்கறை மாதிரி ஒரு பட்டை சுவர் நீளத்துக்கும் தெரிந்தது. மாட்டியிருந்த போட்டோக்களின் பின்னட்டையெல்லாம் பூசணம்.

ஏன் இப்படி ஆனது என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகிற மாதிரி, செங்கல்லும் சாந்தும் மண்ணிலிருக்கும் ஈரத்தைத் தம் நுண்துளைகள் வழியாக மேலே இழுக்கும். புதுக் கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் ஒரு படுகை போடுவார்கள், பழைய வீடுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆக, ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஏறும்போதே சுவரின் இரண்டு முகங்களிலும் அது காற்றில் ஆவியாகிப் போய்க்கொண்டும் இருக்கும். கீழேயிருந்து வருகிற வரவும் முகத்தில் போகிற செலவும் எந்த உயரத்தில் சமமாகிறதோ, அங்கே ஓதம் நின்றுவிடும். எங்கள் சுவரில் அந்தக் கணக்கு இரண்டடியில் சரியாகி இருந்தது, எத்தனையோ பத்து வருஷங்களாக.

சிமெண்ட் பூச்சு வரவைத் தொடவே இல்லை, செலவை மட்டும் அடைத்தது. கீழே வெளியேற வழியில்லாத ஈரம் வழி கிடைக்கும் வரை ஏறியது, நாலடி தாண்டிப் பழைய சுண்ணாம்புப் பூச்சு தொடங்கும் இடத்தில் வெளியே வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பட்டையைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, "இன்னும் ரெண்டடி மேலே ஏத்திப் பூசிடுங்க" என்பது. பூசினால் ஓதம் ஏழடிக்குப் போகும். மண்ணடியில் தளத்துக் கட்டை நுனி வரைக்கும் இப்படி ஏற்றிவிட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். மரக்கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் அப்புறம் பிரச்சினை பூச்சைப் பற்றியது இல்லை, கூரையைப் பற்றியது.

ஈரத்தை விட மோசமானது அதோடு ஏறி வரும் உப்பு. கடல் பக்கத்தில் இருக்கிறது, நிலத்தடி நீர் உவர், போதாததற்குத் தலைமுறை தலைமுறையாகக் கழிவுநீரும் மாட்டுக்கொட்டகைத் தண்ணீரும் இறங்கிய மண். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தண்ணீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகத் தங்கிவிடும். துளைக்குள் படிகம் வளரும்போது துளையின் சுவரைத் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் செங்கல் பொடிகிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் பூச்சு வழியாக முகத்துக்கு வந்து ஆவியானது, உப்பு பூச்சில் சேர்ந்தது, பூச்சு உதிர்ந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பெருக்கித் தள்ளிய மாவு அதுதான். செங்கல்லுக்குப் பதிலாகப் பூச்சு அழிந்துகொண்டிருந்தது, நாம் அதைப் பழுது என்று நினைத்தோம். சிமெண்ட் வந்த பிறகு உப்பு சேர்ந்த இடம் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு. அழிந்தது செங்கல்.

இதில் சென்னைக்கென்று ஒரு கூடுதல் துன்பம் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைநாளில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறதே, அதேதான். நம் ஊரில் ராத்திரி அந்தக் கோட்டுக்கு மேலே, நண்பகலில் கீழே என்று பல நாள் போய்வரும். அதாவது சுவருக்குள் இருக்கும் உப்பு மழையே இல்லாமலும் தினம் ஒரு தரம் கரைந்து, தினம் ஒரு தரம் படிகமாகி, செங்கல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் ஈரமாகத் தெரிந்து மத்தியானம் காய்ந்த மாதிரி இருக்கிற சுவர் என்றால், குழாய் ஒழுகுகிறதா என்று தேடுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் வலு. சிமெண்ட் பூச்சு பழைய நாட்டுச் செங்கல்லை விட இறுக்கமானது. வெயிலில் விரிந்து சுருங்கும்போது கனமான மென்சுவர் ஒரு விதமாக அசையும், இந்தச் சிமெண்ட் பூச்சு வேறு விதமாக அசையும், மயிரிழை வெடிப்பு விழும். மழைத்தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும், ஆனால் அவ்வளவு சிறிய வழியில் காய்ந்து வெளியே வர முடியாது. கடைசியில் பூச்சு விடும்போது அது விடுகிற இடம் ஒட்டு இல்லை, செங்கல்லின் உடம்பு. பூச்சு எப்போதும் சுவரை விட மென்மையாக இருக்க வேண்டும் என்று பழைய கொத்தனார்கள் வைத்திருந்த வரிசைக்குக் காரணம் இதுதான்.

"சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு கொஞ்சம் குழப்பும். ஜன்னல் மாதிரி காற்று ஒன்றும் போய்வருவதில்லை. ஈரம் துளை வழியாக முகத்துக்கு வந்து ஆவியாகிறது, அவ்வளவே. அதனால் "மூச்சுவிடும் பெயிண்ட்" என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். துளையை அடைக்கிற எந்தப் படலமும் இந்தச் சுவருக்கு ஆகாது.

சரி, உங்கள் சுவரில் இருப்பது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரியாத ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில் மாவாகக் கீறும், உள்ளே அங்கங்கே அரிசி அளவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறம், ஆணி வழுக்கும். ஆசிட் ஊற்றிப் பொங்குகிறதா பார் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள்: பழைய சிமெண்ட் பூச்சும் பொங்கும், மணலில் கிளிஞ்சல் துணுக்கு இருந்தாலும் பொங்கும். அடுத்தது, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பது. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் ஈரம், வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்று.

பூச்சைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் வரவைக் குறைக்க வேண்டும். வடசென்னையில் இதற்கு முதல் காரணம் ரோடு. பழைய தார் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது. பெரியம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போவார்களாம். இப்போது ஒரு படி கீழே இறங்குகிறோம். அந்த மூன்று படியும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. மண்ணுக்கு மேலே காற்றாடக் கட்டிய சுவரின் அடிப்பாகம் இன்று மண்ணுக்குள் நிற்கிறது என்று அர்த்தம். ரோட்டை நாம் இறக்க முடியாது. முடிந்ததைச் செய்தோம். சுவரை ஒட்டி நம் எல்லைக்குள் போட்டிருந்த சிமெண்ட் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். மொட்டை மாடித் தண்ணீர் நேராகச் சுவர் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் குழாய் போட்டு வடிகாலுக்குத் திருப்பினோம். இந்த இரண்டும் இல்லாமல் உயர்ந்த சுண்ணாம்பு வாங்கிப் பூசினாலும் பலனில்லை.

அப்புறம் உரிப்பது. இந்த வேலையில் அவசரப்பட்டால்தான் அதிக சேதம். சுத்தியல் கட்டையால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தால் பொள்ளலான இடம் பானையைத் தட்டுகிற மாதிரி சத்தம் தரும். அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அங்கிருந்துதான் தொடங்கினோம். கிரைண்டரால் ஓரடிக்கு ஓரடி கட்டம் கட்டமாக வெட்டு, வெட்டின் ஆழம் பூச்சின் கனத்தை விடக் கொஞ்சம் குறைவு, அப்போதுதான் பிளேடு செங்கல்லைத் தொடாது. பிறகு தட்டை உளியைப் பக்கவாட்டில் சாய்த்து விளிம்பிலிருந்து நெம்புவது. நேராகக் குத்தக் கூடாது. நல்லவேளையாக உப்பே பாதிக்கு மேல் பூச்சைத் தளர்த்தி வைத்திருந்தது. ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலேயும் ஓரடியாவது உரிக்க வேண்டும். நாங்கள் ஆறடி வரை போனோம். ஒருவேளை உங்கள் வீட்டில் சிமெண்ட் மேல்பகுதியில் கெட்டியாக ஒட்டி, எடுத்தால் செங்கல்லும் வரும் போலிருந்தால், ஓதம் எட்டாத அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. எல்லாச் சிமெண்டையும் ஒழித்தே தீருவது என்று வைராக்கியம் வேண்டாம்.

செங்கல் இடுக்கில் சாந்து மாவாகியிருந்த இடமெல்லாம் ஓரங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துக் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஹோஸ் பிடித்துக் கழுவினால் சுத்தமாகிவிடும் என்று தோன்றும், ஆனால் அந்த உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

இப்போது பொறுமை வேண்டிய கட்டம். சுவர் காய ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு, அப்படிப் பார்த்தால் பதினாலு அங்குலத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். ஆள் குடியிருக்கும் வீட்டில் அவ்வளவு நாள் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஜனவரியில் உரித்து ஜூன் வரை விட்டோம், ஜன்னலைத் திறந்து வைத்து, ராத்திரியில் மேஜை ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி. முழுக்கக் காயவில்லைதான். சுண்ணாம்புப் பூச்சின் சௌகரியம் என்னவென்றால், மீதி ஈரம் அதன் வழியாகவும் போய்க்கொள்ளும்.

அந்த இடைவெளியில் இரண்டு தடவை சுவருக்குப் பத்து போட்டோம். வீக்கத்துக்குப் போடுகிற பத்து போலவே வேலை செய்யும் இது. ஒரு பங்கு சலித்த களிமண், இரண்டு பங்கு கழுவிய மணல், ஊறவைத்து அரைத்த காகிதக் கூழ் கொஞ்சம், நல்ல தண்ணீரில் பிசைந்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு முக்கால் அங்குலத்துக்கு அப்பியது. சுவருக்குள் கரைந்த உப்பு, காய்ந்துகொண்டிருக்கும் பத்துக்குள் இழுபட்டு வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் அது சுருங்கி வெடித்துத் தானே கழலும், அப்படியே அள்ளி வெளியேற்றிவிட வேண்டும், திரும்பப் பயன்படுத்தக் கூடாது. முதல் தடவை கழன்ற கட்டி வெளுத்துப் போய்ப் பொரியைத் தூவின மாதிரி இருந்தது, இரண்டாவது தடவை மிகக் குறைவு. மேல் ஓரிரு அங்குல உப்பைத்தான் இது எடுக்கும். ஆழத்தில் இருப்பது அங்கேயேதான்.

சுண்ணாம்பு. கடையில் மூட்டையில் கிடைக்கும் வெள்ளையடிக்கிற தூள் காற்றுப் பட்டுப் பாதி செத்திருக்கும், பூச்சுக்கு அதை நான் நம்பமாட்டேன். பச்சைச் சுண்ணாம்புக் கட்டியாக, முடிந்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பாக வாங்கி நாமே நீற்றுவது நல்லது. நாற்பது கிலோ கட்டி வாங்கினோம். இரும்பு டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்துக்கொண்டு, கட்டியைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; கட்டிக்குவியல் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடு வரும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து, ஆகவே கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்வது கட்டாயம், சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. அடங்கியதும் சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். மூன்று வாரம் குறைந்தபட்சம், நாங்கள் நாலு மாதம் வைத்தோம். எடுத்தபோது கட்டித்தயிர் மாதிரி, கரண்டியில் வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த ஊறல் எதற்கென்றால், நீறாத ஒரு கடுகளவு கட்டி பூச்சுக்குள் போனால் கூட மாதக்கணக்கில் கழித்து அது நீறும்போது ஊதி, பூச்சில் அம்மைக் கொப்புளம் மாதிரி பொரிந்து தெறிக்கும்.

சுவர் பதினாலடி நீளம், ஆறடி உயரம், 84 சதுர அடி. முக்கால் அங்குலப் பூச்சு, போதாததற்குத் தின்னப்பட்ட செங்கல் குழிகளை நிரப்புவது என்று எட்டுக் கன அடி கலவை பிடித்தது. ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு அரைப்பங்கு சுர்க்கி, இரண்டரைப் பங்கு மணல். சுர்க்கி என்பது செங்கல் தூள், ஆனால் எல்லாச் செங்கல்லும் உதவாது. நன்றாக வெந்து கணீரென்று சத்தம் தரும் செங்கல்லின் தூள் வெறும் நிறம்தான் தரும். அரைகுறையாகச் சுட்ட மெல்லிய செங்கல்லை மைதா மாதிரி பொடித்தால்தான் அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். வெறும் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துத்தான் கெட்டிப்படும், ஓதமான சுவரில் அது ரொம்ப மெதுவாக நடக்கும், அதனால்தான் சுர்க்கி. மணல், தண்ணீர் இரண்டிலும் உப்பு இருக்கவே கூடாது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் கலந்தால் பத்து போட்டு எடுத்த உப்பை நாமே திருப்பிப் பூசுகிறோம். மெட்ரோ வாட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலந்தோம்.

கலவை போடும்போது புதிதாக வந்த கொத்தனாரும், "ஒரே ஒரு சட்டி சிமெண்ட் போட்டுக்கலாம் தம்பி, சீக்கிரம் புடிக்கும்" என்றார். கெட்ட எண்ணமில்லை, சிமெண்ட் வேகத்தில் வேலை செய்தே பழகியவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சிமெண்ட் என்பது சிமெண்டின் வலுவையும் தராது, சுண்ணாம்பின் துளையையும் அடைக்கும், சிமெண்டுக்கே உரிய உப்பையும் கொண்டு வரும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் பற்றிக் கேட்பார்கள். பழைய வழக்கம்தான், கலவையை இழுத்துப் பூச உதவும். அளவு கூடினால் பூச்சு பலவீனமாகும். நல்ல சுண்ணாம்பும் கழுவிய மணலும் இல்லாத இடத்தில் கடுக்காய் எதையும் காப்பாற்றாது.

பூசும்போது சுவரில் தண்ணீர் தெளிப்பது புழுதி அடங்குமளவுக்குத்தான். முதலில் குழிகளைச் செங்கல் துண்டும் கலவையும் வைத்து நிரப்பி மூன்று நாள் விட்டோம். முதல் கோட்டுக் கலவையைக் கொத்தனார் வீசி அடித்தார், அது இடுக்குக்குள் போய்ப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, ஏற்றினால் உள்ளே இறுகாது. மறுநாள் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. சுண்ணாம்பு சுருங்கும்போது அது வரத்தான் செய்யும், பதறாமல் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும், அடுத்த கோட்டு பிடிக்க. கட்டைவிரல் நகம் பதியாத நிலை வர ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகே இரண்டாவது கோட்டு, கால் அங்குலம். ஈரச் சாக்கைச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு, தினம் மூன்று வேளை கைத்தெளிப்பான் போட்டு, ஒரு வாரம். சிமெண்டுக்கு அடிக்கிற மாதிரி வாளியால் தண்ணீர் அடித்தால் சுண்ணாம்பு வழிந்து வரும். ஒரேயடியாகக் காய விட்டாலோ கெட்டிப்படாமல் மாவாகும். வீட்டில் யாராவது ஒருவர் அந்த வாரம் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பெரியம்மாவே பார்த்துக்கொண்டார்.

மேலே பட்டியும் எமல்ஷனும் அடித்தால் செய்ததெல்லாம் வீண், அந்தப் படலமும் சிமெண்ட் செய்த வேலையையே செய்யும். ஊறிய சுண்ணாம்பையே பால் மாதிரி கரைத்து, துணியில் வடிகட்டி, மெல்லிசாக ஐந்து கை அடித்தோம், ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் விட்டு. ஈரத்தில் ஒன்றுமே அடிக்காத மாதிரி தெரியும், காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும். சுவர் நெடுக அலமாரி, பீரோ எதையும் ஒட்டிப் போடக் கூடாது, நாலு விரல் இடைவெளியாவது வேண்டும்.

2024 மழைக்காலம் முடிந்து பார்த்தபோது ஐந்தடிப் பட்டை இல்லை. டிசம்பரில் தரையிலிருந்து ஒன்றேமுக்கால் அடி வரை லேசான நிறமாற்றம், ஜனவரியில் அதுவும் வெளுத்தது. ஆனால் ஓதம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வெளிப்பக்கத்தில் இன்னும் பழைய சிமெண்ட் பூச்சுதான் இருக்கிறது, அதற்குக் காசு சேர்ந்த பிறகு கை வைக்க வேண்டும். தெரு மட்டம் அப்படியே இருக்கிறது. வாசல் மூலையில் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு மாவாக உதிர ஆரம்பித்திருக்கிறது, நாலைந்து வருஷத்தில் அந்தக் கீழ் இரண்டடியை மறுபடி பூச வேண்டி வரலாம். அதற்காக டிரம்மில் மீதியிருந்த சுண்ணாம்பைத் தண்ணீர் வற்றாமல் மூடி வைத்திருக்கிறோம், பின்கட்டில், மாடிப்படிக்குக் கீழே.